பேசி முடித்துவிட்டாரா, மூச்சு வாங்குகிறாரா? தமிழில் போன் பாட் கட்டுபவர்கள் கேட்கும் கேள்விகள்

சென்னையில் சிறு கடைகளுக்கும் சர்வீஸ் சென்டர்களுக்கும் போனில் ஆளுக்குப் பதிலாகத் தானே பேசும் மென்பொருளான பாட் கட்டித் தருவது என் வேலை. இங்கே வரும் உதாரணங்கள் பெரும்பாலும் மேடவாக்கம் பக்கம் ஆர்ஓ மெஷின் சர்வீஸ் செய்யும் ஒரு கடைக்காகக் கட்டியதிலிருந்து எடுத்தவை. வாடிக்கையாளர் கூப்பிடுவார், பாட் எடுக்கும், என்ன பிரச்சனை, எந்த ஏரியா, எப்போது ஆள் வரலாம் என்று கேட்டுப் பதிவு செய்யும். வேலை அவ்வளவுதான். ஆனால் அதற்குள் தமிழ்ப் பேச்சின் அத்தனை பழக்கங்களும் வந்துவிடுகின்றன.

ஆள் பேசி முடிக்கறதுக்குள்ள எங்க பாட் குறுக்கே பேசிடுது. காத்திருக்கிற நேரத்தைக் கூட்டினா சரியாகிடுமா?

குறுக்கே பேசுவது குறையும். பதிலுக்கு வேறொரு தொல்லை வரும்.

பெரும்பாலான பாட்களில் இருப்பது ஒரே ஒரு விதிதான்: இத்தனை மில்லி வினாடி மௌனம் இருந்தால் ஆள் முடித்துவிட்டார். போன் லைனில் ஒலி 20 மில்லி வினாடித் துண்டுகளாக வருகிறது. `webrtcvad` போன்ற ஒரு நிரல் ஒவ்வொரு துண்டிலும் குரல் இருக்கிறதா என்று பார்க்கிறது. குரல் இல்லாத துண்டுகள் தொடர்ந்து 35 வந்தால் 700 மில்லி வினாடி ஆகிவிட்டது, பாட் பேசத் தொடங்குகிறது.

மனிதர்கள் இப்படிப் பேசுவதில்லை. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒருவர் முடித்ததும் அடுத்தவர் தொடங்க எடுக்கும் இடைவெளி எல்லா மொழிகளையும் சேர்த்த சராசரியில் ஏறத்தாழ 200 மில்லி வினாடியாக இருந்தது. அந்தப் பத்தில் தமிழ் இல்லை. ஆனால் தி.நகரில் இரண்டு பேர் பேசிக்கொள்வதைக் காது கொடுத்துக் கேட்டால் நாமும் அதே வேகத்தில்தான் இருக்கிறோம் என்று தெரியும். எதிரில் இருப்பவர் முடிக்கப்போகிறார் என்பதை முன்கூட்டியே உணர்வதால்தான் இது முடிகிறது. மௌனத்தை எண்ணிக்கொண்டு யாரும் காத்திருப்பதில்லை.

இன்னொரு பக்கம், ஒரே ஆள் தன் பேச்சின் நடுவிலேயே ஒரு வினாடிக்கு மேல் நிறுத்துவார். "அது வந்து..." என்று சொல்லிவிட்டு யோசிப்பார். அவ்வளவு ஏன், "பக்கம்", "பத்து" போன்ற சொற்களில் இரட்டித்த வல்லினம் வரும் இடத்தில் வாய் அடைத்து, 100 மில்லி வினாடிக்கு மேல் ஒலியே இல்லாமல் போகும். ஆக, பேச்சுக்கு நடுவில் வரும் மௌனம் நீளமாகவும், முடிந்தபின் வரும் மௌனம் குறுகலாகவும் இருக்கலாம். ஒரே எண்ணை வைத்து இரண்டையும் பிரிக்க வழியில்லை. 700-ஐ 1500 ஆக்கினால் யோசித்துப் பேசுகிறவருக்கு நிம்மதி. "ஆமா" என்று ஒரு சொல்லில் பதில் சொன்னவரோ ஒன்றரை வினாடி காத்திருந்து, அதற்கு மேல் பாட் யோசிக்கும் நேரத்தையும் பொறுத்துக்கொண்டு, "ஹலோ? லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்பார்.

அப்போ முடிச்சாரா இல்லையான்னு வேற எதை வெச்சு கண்டுபிடிக்கிறது?

தமிழே சொல்லும். இந்த விஷயத்தில் நம் மொழி நமக்கு நிறையவே உதவுகிறது.

தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. "மெஷின்", "மெஷின்ல தண்ணி", "மெஷின்ல தண்ணி சரியா" என்று எங்கே நிறுத்தினாலும் வாக்கியம் தொங்குகிறது. "வரல" வந்ததும் முடிகிறது. அதோடு நம் எச்சங்கள் இன்னும் பேச்சு பாக்கி இருக்கிறது என்று வெளிப்படையாகவே அறிவிக்கின்றன. "கழட்டிட்டு", "போய்", "வந்தா", "வரலைன்னு", "என்னன்னா", "ஆனா" ஆகிய எதில் நின்றாலும் அவர் முடிக்கவில்லை. பேச்சை எழுத்தாக மாற்றும் பேச்சறிதல் மென்பொருள், அவர் பேசப் பேசத் தொடர்ந்து அனுப்பும் தற்காலிக டெக்ஸ்டின் கடைசிச் சொல்லைப் பார்த்து, காத்திருக்கும் நேரத்தை மாற்றினாலே பாதிப் பிரச்சனை தீரும்:

```python
import unicodedata

HOLD = ("வந்து", "போய்", "ந்தா", "னா", "ன்னு", "ட்டு", "அப்புறம்")
DONE = ("றேன்", "ச்சு", "ரல", "ல்ல", "னாங்க", "லாம்")

def wait_ms(text):
    t = unicodedata.normalize("NFC", text).strip(" .,?")
    if t.endswith(HOLD):
        return 1600
    if t.endswith(DONE):
        return 500
    return 900
```

`NFC` வரியை விட்டுவிடாதீர்கள். "கொ" என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரு மென்பொருள் ஒரே குறியீடாக அனுப்பும், இன்னொன்று எகரக் குறி, கால் என இரண்டாக உடைத்து அனுப்பும். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும், ஒப்பிடும்போது மட்டும் பொருந்தாது. இந்த வரி இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. இதில் ஒரு முழு நாளைத் தொலைத்தவர்கள் உண்டு.

பட்டியலில் வெறும் "ங்க" இல்லாததையும் கவனியுங்கள். முதலில் அதைத்தான் போட்டிருந்தேன். "நீங்க", "எங்க", "அங்க" எல்லாம் அதில் மாட்டின. "நீங்க" என்று ஆரம்பித்து யோசிப்பவரை பாட் வெட்டியது. அதேபோல "ட்டு" என்ற முடிவில் "வீட்டு", "பாட்டு" என்பவையும் சிக்கும், ஆனால் அங்கே கொஞ்சம் கூடுதலாகக் காத்திருப்பதால் பெரிய நஷ்டம் இல்லை. எந்தப் பக்கம் தவறினால் வலி அதிகம் என்று பார்த்துப் பட்டியலை வளர்த்துக்கொள்ளுங்கள். நிறைய அழைப்புகள் சேர்ந்தபின் இந்த வேலையை ஒரு சின்ன மாடலுக்குப் பழக்கலாம். தொடங்குவதற்கு இந்தப் பத்து வரி போதும்.

ஒரு முழு அழைப்பை வெச்சு காட்ட முடியுமா?

மடிப்பாக்கத்திலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். பாட், "என்ன பிரச்சனைன்னு சொல்லுங்க" என்றது. அவர் சொன்னது, இடைவெளிகளோடு:

"அது வந்து" (1.1 வினாடி) "போன மாசம்தான் சர்வீஸ் பண்ணிட்டுப் போனாங்க" (0.8 வினாடி) "இப்போ தண்ணி வரல" (0.6 வினாடி) "காலையில இருந்து."

பழைய அமைப்பில் வரம்பு 700 மில்லி வினாடி. "அது வந்து" முடிந்து 0.7 வினாடியில் கதவு மூடியது. பாட் "மன்னிக்கணும், புரியல" என்று தொடங்கிய அதே நேரத்தில் அவரும் "போன மாசம்" என்று தொடங்கினார். இருவரும் மோதி, அவர் நிறுத்திக்கொண்டார். அவர் குரல் கேட்டு பாட்டும் நிறுத்திக்கொண்டது. இரண்டு வினாடி மௌனம். பிறகு "ஹலோ?" பதிவைக் கேட்கையில், அந்த "ஹலோ"வில் அவருக்கு ஏற்பட்ட தயக்கம் நன்றாகவே தெரிந்தது.

மேலே உள்ள விதியைப் போட்டபின் "வந்து" என்ற முடிவுக்கு 1.6 வினாடி கிடைக்கிறது, முதல் கண்டம் தாண்டிவிட்டது. அடுத்தது "போனாங்க". இது சுத்தமான வினைமுற்று. விதி 500 மில்லி வினாடி என்கிறது, அவரோ 0.8 வினாடி நிறுத்துகிறார். இங்கே இலக்கணம் மட்டும் போதாது. நாம் கேட்டது என்ன பிரச்சனை என்று. போன மாதம் சர்வீஸ் செய்ததைச் சொல்லியிருக்கிறாரே தவிர, பிரச்சனையை இன்னும் சொல்லவில்லை. அதனால் மூன்றாவதாக ஒரு சோதனை வேண்டும்: கேட்ட கேள்விக்கு விடை வந்துவிட்டதா? ஆர்ஓ கடைக்கு இது எளிது. "தண்ணி வரல", "லீக்", "சத்தம்", "கசப்பு", "ஃபில்டர் மாத்தணும்" மாதிரி முப்பது நாற்பது சொற்களுக்குள் பெரும்பாலான புகார்கள் அடங்கும். அதில் ஒன்றும் வரவில்லை என்றால் வினைமுற்று வந்திருந்தாலும் 1.2 வினாடி வரை பொறுக்கலாம்.

கடைசியில் "தண்ணி வரல". வினைமுற்றும் வந்தது, விடையும் வந்தது. ஆனால் 0.6 வினாடி கழித்து "காலையில இருந்து" என்று ஒரு வால் வருகிறது. பேச்சுத் தமிழில் இது சர்வ சாதாரணம். "வந்துட்டாரு, அண்ணன்", "குடுத்துட்டேன், அவர்கிட்ட" என்று வினைக்குப் பின்னால் ஒன்றை ஒட்டிக்கொண்டே இருப்போம். இதற்குக் காத்திருப்பைக் கூட்டக்கூடாது. 500 மில்லி வினாடியில் பதிலைத் தயாரிக்கத் தொடங்குங்கள், ஆனால் உடனே ஒலிக்கவிடாதீர்கள் என்பதே வழி. பதிலை உருவாக்கவும் அதைக் குரலாக மாற்றவும் எப்படியும் அரை வினாடிக்கு மேல் ஆகும். அதற்குள் அவர் மறுபடி பேசினால் தயாரித்ததைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டு துண்டையும் சேர்த்து மறுபடி தொடங்க வேண்டும். அந்த அம்மாவின் அழைப்பில் 0.5-இல் தயாரிப்பு தொடங்கியது, 0.6-இல் வால் வந்தது, தயாரித்தது போனது. அவருக்கு இது எதுவும் தெரியாது. கொஞ்சம் கணினிச் செலவு கூடும், நிச்சயமாகக் கொடுக்கத் தகுந்த செலவு.

போன் நம்பர் சொல்லும்போது மட்டும் எப்பவும் சொதப்புது. என்ன செய்யலாம்?

முடிந்தால் கேட்காதீர்கள். கூப்பிடுகிறவரின் நம்பர் உங்களிடம் ஏற்கெனவே வந்துவிட்டது. "கடைசி நாலு நம்பர் இது, இதே நம்பருக்குக் கூப்பிடலாமா, வேற நம்பர் தர்றீங்களா?" என்று கேட்டால் பெரும்பாலானோருக்கு அத்துடன் வேலை முடிந்தது.

வேறு நம்பர் தருகிறார் என்றால், அந்த இடத்தில் மட்டும் விதிகளை மொத்தமாக மாற்றுங்கள். நம்பரை யாரும் ஒரே மூச்சில் சொல்வதில்லை. ஐந்து ஐந்தாகவோ, மூன்று மூன்று நாலாகவோ உடைப்பார்கள். ஒவ்வொரு உடைப்பிலும் எதிரில் இருப்பவர் "ம்" என்று சொல்வதற்காக நிறுத்துவார்கள். கடைக்காரர் பேப்பரில் எழுதிக்கொண்டே "ம்... ம்..." என்பதைக் கேட்டிருப்பீர்கள். பாட்டும் அதையே செய்யலாம். ஐந்து இலக்கம் வந்து 0.7 வினாடி மௌனம் என்றால், முன்பே பதிவுசெய்து வைத்த ஒரு சின்ன "ம்" ஒலித்துவிட்டுக் காத்திருங்கள். சொல்பவர் நிம்மதியாகத் தொடர்வார். இங்கே மௌனத்தை விட எண்ணிக்கைதான் நம்பகமானது. பத்து இலக்கம் வரும்வரை இரண்டு வினாடி பொறுமை, பத்து வந்துவிட்டால் 300 மில்லி வினாடி.

எண்ணுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. "டபுள் எய்ட்" என்றால் இரண்டு இலக்கம், "ட்ரிபிள் ஜீரோ" என்றால் மூன்று. பேச்சறிதல் சில நேரம் "டபுள்" என்பதை விழுங்கிவிட்டு ஒரே 8 தரும். ஒன்பது இலக்கத்தோடு நிற்பீர்கள். அப்போது "நம்பரை மறுபடி சொல்லுங்க" என்று முழுவதையும் கேட்பது கொடுமை. வந்ததை ஐந்து ஐந்தாகப் பிரித்துத் திரும்பச் சொன்னால், எங்கே தப்பு என்று அவரே பிடித்துக் கொடுப்பார். போனில் "ஃபைவ்", "நைன்" இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கும். "எண்பது", "ஒன்பது" என்பதும் குழம்பும். நம் நாட்டு மொபைல் நம்பர் 6, 7, 8, 9 ஆகியவற்றில்தான் தொடங்கும் என்பதால், முதல் இலக்கம் 5 என்று வந்தால் அது அநேகமாக 9. இரண்டு முறை தோற்றால் கீபேடில் அழுத்தச் சொல்லிவிடுங்கள்.

"வேணும்"னு சொன்னா "வேணாம்"னு எழுதுது. பேச்சறிதல் மாடலை மாத்தணுமா?

மாற்றிப் பாருங்கள், குறையலாம். ஆனால் இந்த ஜோடியை எந்த மாடலிடமும் நம்பி ஒப்படைக்காதீர்கள் என்பது என் தீர்மானமான கருத்து.

பேச்சில் இரண்டு சொல்லின் கடைசி "ம்" வாயை மூடிச் சொல்லப்படுவதில்லை, மூக்கொலியாகக் கரைந்துவிடுகிறது. மிஞ்சுவது உகரமா ஆகாரமா என்ற ஓர் உயிரொலி வித்தியாசம். அதுவும் சொல்லின் கடைசியில், குரல் தாழும் இடத்தில். அங்கே ஒரு பஸ் ஹார்ன் அடித்தால் போயிற்று. "வரலாம்" என்பதன் வாலை வெட்டினால் "வரல" ஆகிறது. "நாளைக்கு வரலாம்" என்றவர் "நாளைக்கு வரல" என்று பதிவாகிறார். மௌன விதி கொஞ்சம் அவசரப்பட்டு ஒலியை நறுக்கினாலே இது நடக்கும் என்பதால், பேச்சறிதலின் குறை என்று நினைத்து வைத்திருப்பதில் ஒரு பங்கு உண்மையில் காத்திருப்பின் குறை. சந்தேகமாக இருந்தால் அந்த ஒலித்துண்டைத் தனியாக எடுத்துக் கேளுங்கள். உங்கள் காதுக்கும் "வரல" என்று கேட்டால் நறுக்கியது நீங்கள்தான்.

கேள்வியை மாற்றுவதுதான் உறுதியான வழி. "நாளைக்கு ஆள் அனுப்பவா, வேணாமா?" என்று கேட்டால் பதில் அந்த ஜோடியில்தான் வரும். "நாளைக்குக் காலையில அனுப்பவா, சாயங்காலமா?" என்று கேட்டால் "காலையில", "சாயங்காலம்" என்ற இரண்டும் எவ்வளவு இரைச்சலிலும் தனித்தனியாகக் கேட்கும்.

ஆமாம், இல்லை என்பதிலும் இதே கவனம் வேண்டும். "ம்ம்" என்றால் சரி, "ம்ஹும்" என்றால் இல்லை. பேச்சறிதல் இரண்டையும் வெறும் இரைச்சலாகக் கருதி, வெற்று டெக்ஸ்ட் தருவது வழக்கம். "ஆங்" என்று இறக்கிச் சொன்னால் ஒப்புதல், "ஆங்?" என்று ஏற்றிச் சொன்னால் மறுபடி சொல்லுங்கள். அப்புறம் "இல்ல". "இல்ல, நான் என்ன சொல்றேன்னா" என்று தொடங்குபவர் மறுக்கவில்லை, பேச்சை எடுக்கிறார். முதல் சொல் "இல்ல" என்றவுடன் புக்கிங்கை ரத்து செய்த பாட்டை நானே கட்டியிருக்கிறேன். இப்போது "இல்ல" தனியாக வந்து முழு மௌனம் தொடர்ந்தால் மட்டுமே மறுப்பாக எடுக்கிறேன். "பரவால்ல" என்பது பெரும்பாலும் மரியாதையான "வேண்டாம்". அதையும் பட்டியலில் சேருங்கள்.

ஏரியா பேர் தப்பா வருது. மடிப்பாக்கம்னா மேடவாக்கம்னு போயிடுது.

சென்னையில் இதற்குப் பஞ்சமில்லை. நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், சேப்பாக்கம், மடிப்பாக்கம், மேடவாக்கம், புரசைவாக்கம், ஊரப்பாக்கம், கேளம்பாக்கம். பெயரின் பின்பாதி எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றுதான், வித்தியாசம் முதல் இரண்டு எழுத்தில். அந்த முதல் இரண்டு எழுத்துதான் பாட் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போது வந்து நசுங்கும்.

கடை போகும் ஏரியாக்களின் பட்டியலைப் பேச்சறிதலுக்கு முன்கூட்டியே கொடுக்க முடியும் என்றால் கொடுங்கள். பல சேவைகளில் அதற்கு வசதி இருக்கிறது. அதன்பிறகும் சந்தேகம் இருந்தால் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று கைகொடுக்கும். "சென்னை தொண்ணூத்தொன்னுங்களா?" என்று கேளுங்கள். மடிப்பாக்கம் 600091, மேடவாக்கம் 600100. பின்கோடின் கடைசி இலக்கங்களை வைத்து ஏரியாவைச் சொல்வது கொரியர்காரர் முதல் கல்யாணப் பத்திரிகை எழுதுபவர் வரை எல்லோருக்கும் பழக்கமானது. பெயரும் எண்ணும் ஒலியில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்பதால், இரண்டும் ஒரே நேரத்தில் தப்பாவது அபூர்வம்.

போன் ஆடியோ தரம் குறைவுன்னு சொல்றாங்களே, அதை உயர்த்திட்டா?

போன் லைனில் வருவது வினாடிக்கு 8,000 மாதிரிகள். அதில் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் இருக்க முடியாது, பழைய லைன்களில் 3.4-உடன் நின்றுவிடும். ஸ, ஃப ஆகியவற்றின் அடையாளம் பெரிதும் அதற்கு மேலேதான் இருக்கிறது. நிறைய மாடல்கள் 16,000 கேட்பதால் மாற்றிக் கொடுக்க வேண்டியிருக்கும், ஆனால் தொலைந்த ஒலி அதனால் திரும்பி வராது. மாடலைத் தேர்ந்தெடுக்கும்போது யூடியூப் ஒலியை வைத்துச் சோதிக்காமல், போனில் பதிவானதை வைத்துச் சோதியுங்கள்.

பாட் பேசும்போது அவர் "ம்"னு சொன்னாலே நின்னுடுது. ஆனா நிஜமாவே குறுக்கிட்டா நிக்கணுமே?

இதுதான் தமிழ் உரையாடலில் மிக நுணுக்கமான இடம் என்று நினைக்கிறேன். கேட்டுக்கொண்டிருப்பவர் சும்மா இருப்பது நம்மிடையே மரியாதைக் குறைவு. "ம்", "சரி", "ஆமா", "சரிங்க" என்று கொட்டிக்கொண்டே இருப்போம். மேலே சொல்லுங்கள் என்பதே அதற்குப் பொருள். பாட் ஒவ்வொரு "ம்"முக்கும் நின்றால், மரியாதையாகக் கேட்பவரைத் தண்டிக்கிறது.

நான் செய்வது இது. பாட் பேசும்போது குரல் கேட்டால் உடனே நிறுத்துவதில்லை. தற்காலிக டெக்ஸ்ட் வரும்வரை, அதாவது 300 முதல் 400 மில்லி வினாடி வரை, பேசிக்கொண்டே போகட்டும். டெக்ஸ்ட் மேலே சொன்ன தலையாட்டும் சொற்களில் ஒன்று மட்டும் என்றால் கண்டுகொள்ளாதே. "இருங்க", "ஒரு நிமிஷம்", "இல்ல இல்ல", "ஹலோ" என்று வந்தால் உடனே நில். வேறு எதுவானாலும், இரண்டு சொல்லைத் தாண்டினால் நில். "சரி சரி சரி" என்று அடுக்கினால், புரிந்துவிட்டது, அடுத்ததுக்கு வா என்று பொருள். அங்கே நின்று அடுத்த கேள்விக்குப் போவது நல்லது.

ஒரு விதிவிலக்கு. பாட் கேள்வி கேட்டு முடிக்கும் தறுவாயில் "ஆமா" வந்தால் அது தலையாட்டல் இல்லை, பதில். "மடிப்பாக்கம்தானே சொன்னீங்க..." என்பதற்குள் கேள்வி அவருக்குப் புரிந்துவிட்டது. ஆகவே தலையாட்டும் பட்டியல், பாட் விவரம் சொல்லும்போது மட்டும் செல்லும். கேள்வி கேட்கும்போது செல்லாது.

நிறுத்தும்போது இரண்டு வேலை சேர்ந்து நடக்க வேண்டும். ஒன்று, லைனுக்கு ஏற்கெனவே அனுப்பி வரிசையில் நிற்கும் ஒலியைத் துடைக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் நிரல் நின்றபின்னும் பாட் ஒரு வாக்கியம் பேசிக்கொண்டிருக்கும். இரண்டாவது பலரும் மறப்பது. அவர் எதுவரை கேட்டார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். "சர்வீஸ் சார்ஜ் 350 ரூபாய், ஃபில்டர் மாத்தினா அது தனி" என்பதில் "350 ரூபாய்" என்ற இடத்தில் குறுக்கிட்டார் என்றால், ஃபில்டர் தனி என்பது அவர் காதில் விழவே இல்லை. உரையாடல் வரலாற்றில் முழு வாக்கியமும் இருந்தால், சொல்லிவிட்டோம் என்று பாட் நம்பிக்கொள்ளும். மறுநாள் மெக்கானிக் வீட்டு வாசலில் சண்டையைச் சந்திப்பார்.

ஸ்பீக்கர்ல போட்டுப் பேசறவங்ககிட்ட பாட் தன் குரலுக்கே தானே பதில் சொல்லுது.

எதிரொலி. பாட் அனுப்பிய குரல் அவர் மைக்கில் புகுந்து திரும்ப வருகிறது. எதிரொலி நீக்கியை உங்கள் பக்கமும் போடுங்கள். அது சரியாக வரும்வரை, பாட் அந்த நொடியில் பேசும் சொற்களும் வந்த டெக்ஸ்டும் ஒன்றாக இருந்தால் தூக்கிப் போட்டுவிடுவது நல்ல தற்காலிக மருந்து.

வீட்டில் ஓடும் சீரியல் இதைவிடக் கஷ்டம், ஏனென்றால் அதுவும் தெளிவான தமிழ். அழைத்தவரின் முதல் வாக்கியம் எவ்வளவு சத்தமாக இருந்தது என்று குறித்துக்கொண்டு, அதைவிட மிகத் தாழ்வாக வருவதைக் குறுக்கீடாக எடுக்காமல் விடுகிறேன். முழுத் தீர்வு இல்லை, ஆனால் சீரியல் வில்லிக்கு சர்வீஸ் புக் ஆவது நின்றது.

95 சதவீதம் துல்லியம்னு சொன்ன மாடல் எங்க அழைப்புல தடுமாறுது. யாரை நம்பறது?

முதலில், அந்த எண் எந்தப் பேச்சில் எடுத்தது என்று கேளுங்கள். இங்கே ஐஐடி மெட்ராஸில் இருக்கும் ஏஐ4பாரத் குழு பொதுவில் தந்த தரவுகளையே பாருங்கள். ஸ்ருதிலிபி என்பது அகில இந்திய வானொலிச் செய்திகளிலிருந்து வந்தது, கத்பத் வாக்கியங்களைப் படித்துப் பதிவுசெய்தது. இரண்டும் அருமையான உழைப்பு. ஆனால் செய்தி வாசிப்பவர் "அது வந்து" என்று நிறுத்துவதில்லை. பின்னால் வந்த இண்டிக்வாய்சஸில் இயல்பாகப் பேசியதும் இருக்கிறது, நம் வேலைக்கு அது நெருக்கம்.

அடுத்து, துல்லியத்தை அளக்கப் பயன்படும் சொல் பிழை விகிதம் தமிழில் ஏமாற்றும். ஒருவர் "நான் வந்துட்டு இருக்கேன் சார்" என்கிறார், நாலு சொல். மெஷின் "நான் வந்துகிட்டிருக்கேன் சார்" என்று எழுதுகிறது. ஒரு சொல் மாறி, ஒரு சொல் குறைந்தது, பிழை 50 சதவீதம். பொருளில் ஒரு குறையும் இல்லை. இன்னொருவர் "நாளைக்கு காலையில ஆள் அனுப்ப வேணாம்" என்கிறார், ஐந்து சொல். கடைசிச் சொல் மட்டும் "வேணும்" என்று வருகிறது. பிழை 20 சதவீதம், பொருள் தலைகீழ். அதனால் உங்களுக்கு வேண்டியதை மட்டும் எண்ணுங்கள்: பிரச்சனை, ஏரியா, நேரம், நம்பர் இந்த நாலும் எத்தனை அழைப்புகளில் சரியாகப் பதிவாயின?

எங்கே தப்புன்னு கண்டுபிடிக்க எல்லா அழைப்பையும் உட்கார்ந்து கேட்கணுமா?

எல்லாவற்றையும் வேண்டாம், ஆனால் கேட்காமல் முடியாது. பதிவு செய்வதை அழைப்பின் தொடக்கத்திலேயே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். குரலும் நம்பரும் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் தனிநபர் தரவு.

எதைக் கேட்பது என்பதற்கு எழுத்துப் பதிவிலேயே அடையாளம் இருக்கும். அழைப்பின் நடுவில் "ஹலோ" வந்திருந்தால், பாட் தாமதித்திருக்கிறது அல்லது இருவரும் மோதி நின்றிருக்கிறார்கள். "நான் சொல்லி முடிக்கல", "அதான் சொன்னேனே" என்று வந்திருந்தால் வெட்டியிருக்கிறது. அழைத்தவரின் வாக்கியம் எச்சத்தில் முடிந்து, அடுத்த வரி பாட்டுடையது என்றால் அதுவும் வெட்டுதான். இந்த மூன்றையும் தேடி, வாரத்துக்கு இருபது அழைப்பை எடுத்து, டெக்ஸ்டைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். இடைவெளிகளை ஸ்டாப்வாட்சில் அளக்க வேண்டியதில்லை. நீங்கள் அந்தக் கடையில் போனை எடுத்திருந்தால் எந்த இடத்தில் பேசத் தொடங்கியிருப்பீர்களோ, அந்த இடத்தில் மேஜையைத் தட்டுங்கள். உங்கள் தட்டுக்கும் பாட்டின் தொடக்கத்துக்கும் உள்ள தூரத்தைக் குறித்துவையுங்கள். அடுத்த வாரம் எந்த எண்ணை மாற்றுவது என்பதை நான் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறேன்.